மலை இறக்கத்தில் சைக்கிள்: ரிம் கொதிக்காமல், டயர் கழலாமல் இறங்குவது எப்படி?

இறக்கம் முடிய இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது நிழல் பார்த்து நிறுத்தினோம். சைக்கிளை ஒரு பாறையில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நிமிடம் போயிருக்கும். யாரும் தொடாமலே பின் சக்கரம் வெடி வெடித்ததுபோல் வெடித்தது. டயரைக் கழற்றிப் பார்த்தால் அதில் ஒரு கீறல்கூட இல்லை. ட்யூபில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில், ஸ்போக் துளை அளவுக்கு வட்டமாக ஒரு கொப்புளம் எழும்பி அதன் உச்சியில் கிழிந்திருந்தது. உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ரிம் டேப் சூட்டில் இளகி ஓரமாக நகர்ந்துபோயிருந்தது.

ஓடும்போது தாங்கியது நின்ற பிறகு ஏன் வெடித்தது என்ற கேள்வி அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு விடை தேடித்தான் காற்றழுத்தம், பிரேக் சூடு இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இறங்கும் பழக்கம் வந்தது. அந்தக் கணக்கையும் செய்முறையையும் இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

இது ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளுக்கு, அதிலும் அலுமினிய ரிம், ட்யூப் போட்ட டயர், கொஞ்சம் சுமை உள்ள பயணத்துக்கு எழுதியது. டிஸ்க் பிரேக் சைக்கிளில் சூடு தட்டிலும் காலிப்பரிலும் தங்கிவிடுகிறது, டயருக்கு அவ்வளவாக வராது. அங்கே பிரச்சினை வேறு. ரிம் பிரேக்கில் மட்டும்தான் பிரேக் தேய்க்கிற அதே உலோகம் டயரையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

எது கழல்கிறது?

டயரின் இரண்டு ஓரங்களிலும் கம்பியோ உறுதியான நாரோ பொதிந்த தடித்த விளிம்பு ஒன்று ஓடுகிறது. அதைத்தான் பீட் என்கிறோம். காற்று அடித்ததும் பீட் ரிம்மின் உள் ஓரத்தில் போய் இறுக உட்காரும். ரிம்மின் மேல் விளிம்பு உள்நோக்கிக் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதுவும் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்று எப்போதும் இரண்டு வேலை செய்கிறது. பீட்டை மேலே தள்ளிக் கழற்றப் பார்க்கிறது, ரிம்மின் இரண்டு சுவர்களையும் வெளிப்பக்கமாக விரிக்கப் பார்க்கிறது.

சூடு இந்த இரண்டையும் மோசமாக்குகிறது. உள்ளே காற்றழுத்தம் ஏறுகிறது. அதே நேரத்தில் பீட்டின் ரப்பர் இளகி, வழுக்கத் தயாராகிறது. ட்யூப் இளகி, எந்த இடுக்கு கிடைத்தாலும் அதற்குள் பிதுங்கப் பார்க்கிறது. அழுத்தம் மட்டும் ஏறினால் நல்ல டயர் பெரும்பாலும் தாங்கிவிடும். ஏற்கெனவே ஒரு குறை இருக்கும் இடத்தில் அழுத்தமும் இளக்கமும் சேர்ந்து வரும்போதுதான் விபத்து. அதனால் காற்றைக் குறைப்பது மட்டும் போதாது, குறையைத் தேடிப் பிடிப்பதும் வேலையில் பாதி.

முதல் படி: இறக்கத்தைக் கணக்கில் கொண்டுவருவது

ஒரு இறக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஓட்டுபவர் 72 கிலோ, சைக்கிள் 13 கிலோ, மூட்டை 20 கிலோ, மொத்தம் 105 கிலோ. பாதை 9 கிலோமீட்டர், சரிவு 8 சதவீதம். அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் இறங்கும், மொத்தத்தில் 720 மீட்டர் இறக்கம்.

இவ்வளவு எடை இவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 740 கிலோஜூல். கிட்டத்தட்ட 2.4 லிட்டர் தண்ணீரைச் சாதாரண அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு அது. இந்த ஆற்றல் எங்கேயாவது போயே ஆக வேண்டும். போவதற்கு இரண்டே பெரிய வழிகள்: முகத்தில் அடிக்கும் காற்று, இல்லையென்றால் பிரேக். டயர் உருள்வதில் போவது ரொம்பக் கொஞ்சம்.

அப்படியானால் நம் கையில் இருப்பது, இந்தச் சூட்டில் எவ்வளவு பங்கைக் காற்றிடம் தள்ளிவிடுகிறோம் என்பதுதான். அதைத் தீர்மானிப்பது வேகம்.

மேலே சொன்ன சுமைக்கு, பைகள் தொங்கும் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போவதாக வைத்துக் கணக்கிட்டால், ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு இறங்கும்போது பிரேக்குகளுக்குள் போகும் சூடு இப்படி வருகிறது. மணிக்கு 10 கிலோமீட்டரில் சுமார் 200 வாட். 20ல் 360 வாட். 30ல் 430 வாட். 40ல் 370 வாட். 45ல் 275 வாட். 53ஐ நெருங்கும்போது பிரேக் பிடிக்காமலே வேகம் நின்றுவிடுகிறது, காற்றே முழுவதையும் வாங்கிக்கொள்கிறது.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மிக மோசமான வேகம் 30. பெரும்பாலானவர்கள் "ரொம்ப வேகமும் வேண்டாம், ரொம்ப மெதுவும் வேண்டாம்" என்று பிடித்துக்கொண்டு இறங்கும் வேகம் அதுதான். பிரேக் பிடிக்காமல் விட்டால் வேகம் எங்கே போய் நிற்குமோ, அதில் ஏறக்குறைய 58 சதவீதத்தில்தான் பிரேக் சூடு உச்சத்தைத் தொடும். எந்தச் சரிவுக்கும் எந்த எடைக்கும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. சரிவு கூடினால் இரண்டு வேகங்களும் சேர்ந்து மேலே போகும், அவ்வளவுதான்.

அடுத்தது, இந்தச் சூடு ரிம்மை என்ன செய்கிறது என்பது. ஒரு சாதாரண அலுமினிய ரிம் சுமார் 500 கிராம் எடை இருக்கும். அதை ஒரு டிகிரி சூடாக்க 450 ஜூல் போதும். 25 கிலோமீட்டர் வேகத்தில் 410 வாட் சூடு முழுவதும் பின் ரிம்மிலேயே இறங்கினால், காற்று குளிர்விக்காவிட்டால், ஒவ்வொரு விநாடிக்கும் 0.9 டிகிரி ஏறும். 60 டிகிரி ஏற ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஓடும்போது காற்று குளிர்விக்கிறது என்பதால் சூடு ஓரிடத்தில் போய் நிலைக்கும். ஆனால் அந்த நிலைக்கும் சூடு, செலுத்தும் வாட்டுக்குக் கிட்டத்தட்ட நேர்விகிதம். ஒரே ரிம்மில் இறக்கும் சூட்டை இரண்டாகப் பங்கிட்டால், சுற்றியிருக்கும் காற்றைவிட ரிம் எவ்வளவு கூடுதலாகச் சூடேறுகிறதோ அது பாதியாகிவிடும்.

முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுந்துவிடுவோம் என்று பயந்து இறக்கம் முழுக்கப் பின் பிரேக்கிலேயே வருபவர்கள் நிறைய. அவர்கள் பின் ரிம்தான் முதலில் போகும். என்னுடையதும் அப்படித்தான் போனது.

வரைபடத்தில் சராசரிச் சரிவை மட்டும் பார்க்காதீர்கள். 9 கிலோமீட்டருக்குச் சராசரி 8 சதவீதம் என்றால், நடுவில் எங்கோ 2 கிலோமீட்டர் 11 சதவீதமாகவும் அங்கேயே நாலு கொண்டை ஊசி வளைவுகளும் இருக்கலாம். வளைவுகள் நெருங்கி வந்தால் வேகத்தை விட முடியாது, காற்றின் உதவி கிடையாது. மொத்தச் சூடும் ரிம்முக்குத்தான். அந்த இரண்டு கிலோமீட்டரைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குள் நுழையும்போது ரிம் ஆறியிருக்கும்படி திட்டமிட வேண்டும். அதாவது நிற்கும் இடம் அந்தப் பகுதிக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல.

இரண்டாம் படி: எவ்வளவு காற்று?

டயரின் பக்கவாட்டில் அதிகபட்சக் காற்றழுத்தம் அச்சிட்டிருக்கும். ரிம்முக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு, சில ரிம்களில் ஸ்டிக்கரிலேயே இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. அகலமான டயர் அதே அழுத்தத்தில் ரிம் சுவரை அதிகமாக விரிக்கும் என்பதால், அகல டயர் போட்டால் ரிம்மின் வரம்பு இறங்கும்.

அந்த வரம்பு பம்பு அடிக்கும்போது எட்ட வேண்டிய இலக்கு அல்ல. சூடேறிய பிறகும் தாண்டக் கூடாத கோடு என்று அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. அளவுமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும்தான். உள்ளே இருக்கும் உண்மையான அழுத்தம் வேண்டுமென்றால் 15 பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த உண்மையான அழுத்தம் வெப்பநிலையோடு விகிதமாக ஏறும். ஆனால் வெப்பநிலையைக் கெல்வினில், அதாவது செல்சியஸோடு 273 கூட்டி எடுக்க வேண்டும். காற்று அடிக்கும்போது 27 டிகிரி என்றால் 300 கெல்வின். உள்ளே 87 டிகிரி ஆனால் 360 கெல்வின். விகிதம் சரியாக 1.2.

டயரின் வரம்பு 85 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 85 வரை அடித்துவிட்டு இறங்குகிறார். 85ஓடு 15 கூட்டினால் 100. அதை 1.2ஆல் பெருக்கினால் 120. மறுபடியும் 15 கழித்தால் 105. வரம்பைவிட 20 பிஎஸ்ஐ மேலே.

திருப்பிப் போட்டால் அடிக்க வேண்டிய அளவு கிடைக்கும்:

பாதுகாப்பான குளிர் அழுத்தம் = (வரம்பு + 15) ÷ 1.2 − 15

85க்கு இது 68 வருகிறது. நான் நம் உதாரணச் சைக்கிளுக்கு, 35 மில்லிமீட்டர் டயரில், பின்னால் 65, முன்னால் 55 என்று வைப்பேன். சூடேறினால் பின்னால் 81, முன்னால் 69. இரண்டும் வரம்புக்குள்.

உண்மையில் டயருக்குள் இருக்கும் காற்று முழுவதும் ரிம் அளவுக்குச் சூடாகாது. ரிம் பக்கம் கொதிக்கும்போது சாலையைத் தொடும் பக்கம் அதைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அதனால் நிஜத்தில் ஏற்றம் இந்தக் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் நான் முழுக் கணக்கையே எடுக்கிறேன். பீட் இளகுவதற்கு எந்தக் கணக்கும் நம்மிடம் இல்லை, அதற்கு ஈடாக இந்த இடைவெளி இருக்கட்டும்.

அதற்காக ரொம்ப இறக்கிவிடவும் கூடாது. சுமை ஏற்றிய பின் சக்கரத்தில் காற்று போதாவிட்டால் ஒரு குழியில் இறங்கும்போது ட்யூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு துளை விழும். வளைவில் டயர் பக்கவாட்டில் துவண்டு, வண்டி நீந்துவதுபோல் இருக்கும். மூட்டை முழுவதும் ஏற்றி, சமதளத்தில் ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். ரிம் "டொக்" என்று தட்டினால் காற்று போதாது. வரம்புக்குக் கீழே இருந்தும் தட்டுகிறது என்றால், அந்தச் சுமைக்கு அந்த டயர் ஒல்லி. அதற்கு மருந்து அகலமான டயர். இன்னும் கொஞ்சம் காற்று ஏற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

இன்னொரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மலை உச்சியில் காலைக் குளிரில் டயரை அமுக்கிப் பார்த்தால் தளர்வாகத் தோன்றும், அளவுமானியும் குறைவாகக் காட்டும். உடனே பம்பை எடுத்து 65 வரை ஏற்றிவிடுவார்கள். 7 டிகிரி குளிரில் அப்படி ஏற்றினால், அதே 87 டிகிரியில் நம் 85 வரம்பைத் தாண்டிவிடும். கீழே சரியாக அடித்து வந்த காற்றை மேலே தொட வேண்டாம். பஞ்சர் ஒட்டி மேலே புதிதாக அடிக்க நேர்ந்தால் ஐந்து பிஎஸ்ஐ குறைவாகவே நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: முந்தின நாள் பார்க்க வேண்டியவை

இந்த வேலையைக் கிளம்புகிற காலையில் செய்யக் கூடாது. அவசரத்தில் கண்ணுக்கு எதுவும் படாது.

முதலில் ரிம் டேப். டயரையும் ட்யூபையும் கழற்றிவிட்டு டேப்பின் மேல் விரலை ஓட்டுங்கள். ஸ்போக் துளைகளுக்கு மேலே குழிந்திருந்தாலோ, எங்காவது துளையின் ஓரம் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். மெல்லிய, இழுத்தால் நீளும் பிளாஸ்டிக் டேப் சூட்டில் இளகும். நெய்த துணி டேப் நகராது, குழியாது. ரிம்மின் உள் அகலத்துக்குச் சரியான அளவு வாங்க வேண்டும். ஒல்லியாக இருந்தால் துளை தெரியும். அகலமாக இருந்தால் பீட் உட்காரும் இடத்தில் ஏறி, பீட்டைச் சரியாக உட்காரவிடாது.

அடுத்து ரிம்மின் சுவர். பிரேக் கட்டை தேய்க்கும் பரப்பில் ஒரு நேரான அளவுகோலை நிறுத்தி வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரியும்படி குழிந்திருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. சில ரிம்களில் தேய்மானம் காட்டச் சுற்றிலும் ஒரு கோடோ சின்னப் புள்ளிக் குழியோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. தேய்ந்த சுவர் சமதளத்தில் பல நாள் ஓடும். ஆனால் பிரேக் கட்டை வெளியிலிருந்து அமுக்க, ஏறிய காற்றழுத்தம் உள்ளிருந்து தள்ள, அது பிளப்பது இறக்கத்தில்தான். இதில் நான் சமாதானமே செய்துகொள்வதில்லை. சந்தேகம் வந்த ரிம்மோடு மலை ஏற மாட்டேன்.

பிரேக் கட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மினுக்கும் அலுமினியத் துகள்கள் பதிந்திருந்தால் ஊசியால் கிண்டி எடுங்கள். அவை ரிம்மை உழுதுகொண்டே வரும். கட்டை டயரின் பக்கச்சுவரைத் தொடாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிரேக்கை இறுக்கிப் பிடித்த நிலையில் பார்க்க வேண்டும். விட்ட நிலையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

பிறகு டயரை மாட்டி, பாதிக் காற்று, சுமார் 30 பிஎஸ்ஐ மட்டும் அடியுங்கள். டயரின் இரண்டு பக்கமும், ரிம்முக்குச் சற்று மேலே, டயரிலேயே வார்த்த ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி அந்தக் கோட்டையே பாருங்கள். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மேலே எழும்பியிருந்தால் அங்கே பீட்டுக்கு அடியில் ட்யூப் மாட்டியிருக்கலாம். ஓரிடத்தில் அமுங்கியிருந்தால் பீட் இன்னும் ஏறி உட்காரவில்லை. காற்றை இறக்கி, அந்த இடத்தைக் கையால் பிசைந்து, மறுபடி அடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்துவிட வேண்டும், ட்யூப் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். கோடு சரியான பிறகு முழு அளவு அடித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் மறுபடி அதே கோடு, அதே சுழற்சி.

நான்காம் படி: இறங்கும் முறை

பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது பாதுகாப்பாகத் தோன்றும். சூட்டைப் பொறுத்தவரை அதுதான் மோசமான வழி. பார்வை தெளிவாக இருக்கும் நேர்ப்பகுதியில் பிரேக்கை முழுதாக விட்டு, நிமிர்ந்து உட்காருங்கள். நெஞ்சு காற்றை வாங்கட்டும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, திடமாக, சுருக்கமாகப் பிடித்து வேகத்தை இறக்குங்கள். வளைவுக்குள் நுழையும்போது பிரேக் ஏறக்குறைய விட்டிருக்க வேண்டும்.

நம் உதாரணத்தில், 45லிருந்து 20க்கு இறக்க ஐந்து விநாடி பிடித்தால் இரண்டு ரிம்களுக்குமாக ஏறக்குறைய 9 கிலோஜூல் போகும். பங்கிட்டால் ரிம்முக்குச் சுமார் 10 டிகிரி ஏற்றம். திடமாகப் பிடிக்கும்போது முன் பக்கம் கொஞ்சம் அதிகம் வாங்கும். அடுத்த வளைவு வரும் வரை காற்று அதில் ஒரு பகுதியை ஆற்றிவிடும். விட்டு விட்டுப் பிடிப்பது பயன் தருவது இதனால்தான். இடைப்பட்ட நேரத்தில் வேகம் கூடுவதால் காற்று தன் பங்கை அதிகமாக வாங்குகிறது. வேகத்தை ஏறவிடாமல் அரை விநாடி பிடித்து அரை விநாடி விட்டால், தொடர்ந்து பிடிப்பதற்கும் அதற்கும் ரிம் சூட்டில் வித்தியாசம் இல்லை.

முன், பின் என்று மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்வார்கள். அதுவும் அப்படித்தான். இரண்டு ரிம்மும் சமமாக வாங்க உதவும், ஆனால் மொத்தச் சூட்டைக் குறைக்காது. ஈரச் சாலை, மணல், ஜல்லி உள்ள இடத்தில் முன் பிரேக்கில் கவனம் வேண்டும். மற்ற இடங்களில் சேர்த்துப் பிடிப்பதே எளிது.

சரி, சாலை மோசம், பார்வை இல்லை, அல்லது 40ஐத் தொடப் பயமாக இருக்கிறது என்றால்? அப்போது நடு வேகத்தில் தொங்காமல் 10, 12க்கு இறங்கிவிடுங்கள். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஏறும் சூடு 30ல் வருவதில் பாதிதான். ஆனால் ஆற்றும் காற்றும் குறைவு, இறக்கத்துக்கான மொத்தச் சூடும் ரிம்முக்கே வரும். அதனால் அடிக்கடி நின்றுதான் ஆக வேண்டும். பயம் நியாயமான இடத்தில் பயத்தைக் கேட்பது சரியானது, அதற்கு ஏற்றபடி நேரம் ஒதுக்கிக்கொண்டால் போதும்.

ஐந்தாம் படி: நிற்பது

என் டயர் நின்ற பிறகு வெடித்ததற்கு விடை இங்கே இருக்கிறது. ஓடும்போது ரிம்மின் சூட்டைக் காற்று தொடர்ந்து வாரிக்கொண்டு போகிறது. நின்றதும் அது நின்றுவிடுகிறது. ரிம்மில் தேங்கிய சூடு அப்போது பீட்டுக்கும் டேப்புக்கும் ட்யூபுக்கும் உள்ளே இருக்கும் காற்றுக்கும் ஊறுகிறது. அதனால் நின்ற முதல் சில நிமிடங்கள்தான் ட்யூபுக்குக் கடினமான நேரம்.

ஆகவே கொதிக்கும்வரை ஓட்டிவிட்டு நிற்காதீர்கள், கொதிப்பதற்கு முன்னால் நில்லுங்கள். சரிவு தணியும் ஒரு பகுதி வந்தால் அதில் பிரேக் தொடாமல் அரை கிலோமீட்டர் ஓடவிட்டுப் பிறகு நிற்பது இன்னும் நல்லது. அந்த ஓட்டத்திலேயே ரிம் கணிசமாக ஆறிவிடும்.

நின்றதும் முதல் காரியம், ஒரு சொட்டுத் தண்ணீரை ரிம்மில் விடுவது. சீறி ஆவியானால் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது, நீங்கள் தாமதமாக நின்றிருக்கிறீர்கள். சீறாமல் வழிந்தால், புறங்கையை ரிம்முக்கு அருகே கொண்டுபோய் அனலைப் பாருங்கள். பிறகு விரல் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். தொட்டதும் தானாகவே விரல் பின்வாங்கினால் 60 டிகிரி அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ரிம்மையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று கொதித்து மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். விரலை வைத்துக்கொண்டே இருக்க முடிந்தால் மறுபடி கிளம்பலாம். சீறிய நிலையிலிருந்து அங்கே வரப் பத்து, பதினைந்து நிமிடம் கொடுங்கள்.

ஆறும் நேரத்தில் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து உட்காராதீர்கள். சைக்கிளை நிழலில் வையுங்கள், வெயிலில் நிறுத்தினால் ஆறவே ஆறாது.

சூடான டயரிலிருந்து காற்றை இறக்கும் ஆசை வரும். ரிம் சீறுகிறது, டயர் கல்லாக இருக்கிறது என்றால் இறக்கலாம். ஆனால் கணக்கை நினைவில் வையுங்கள். 87 டிகிரியில் 81 இருந்ததை 65க்கு இறக்கினால், ஆறிய பிறகு அது 52தான் இருக்கும். சுமை ஏற்றிய பின் சக்கரத்துக்கு அது போதாது. இறக்கினால், ஆறியதும் அளந்து திரும்ப அடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஓடும்போதே தெரியும் அறிகுறிகள்

பிரேக் பிடிக்கும்போது கைப்பிடியில் ஒரு துடிப்பு வந்து, அது சக்கரச் சுழற்சியோடு சேர்ந்து அடித்தால், ரிம் சுவர் ஓரிடத்தில் விரியத் தொடங்கியிருக்கலாம். நேற்று வரை இல்லாத துடிப்பு இன்று வந்தது என்றால் உடனே நிற்க வேண்டும், அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ரிம் சுவரில் மயிரிழைபோல் ஒரு கோடு நீளவாக்கில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் காற்றை இறக்கிவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

பிரேக் பிடிக்காதபோதே இருக்கையில் "தட் தட்" என்று சீரான குலுக்கல் வந்தால், டயர் ஓரிடத்தில் புடைத்திருக்கிறது அல்லது பீட் எழும்புகிறது. வேகத்தைக் கூட்டாமல், அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தவிர்த்து நில்லுங்கள். ரப்பர் கருகும் வாடை வருவதும், அதே வேகத்துக்குக் கைப்பிடியை முன்பைவிட அதிகமாக அழுத்த வேண்டியிருப்பதும் பிரேக் கட்டை சூடேறியதன் அடையாளம். அது வந்தால் அடுத்த வளைவு வரை காத்திருக்காமல் இடம் கிடைத்ததும் ஒதுங்கிவிடுங்கள்.

எல்லாம் மீறி வெடித்துவிட்டால், முன் சக்கரம் என்றால் கைப்பிடியைத் திருப்பாதீர்கள். நேராகவே வைத்து, பின் பிரேக்கால் மட்டும் மெதுவாக நிறுத்துங்கள். பின் சக்கரம் என்றால் எடையைச் சற்று முன்னே கொண்டுவந்து முன் பிரேக்கை இதமாகப் பிடியுங்கள். பீட் கழன்ற டயர் ரிம்மில் நிற்காது. அதைச் சாய்த்து ஓட்டினால் சறுக்கிவிடும்.

கார்பன் ரிம், இருவர் சைக்கிள்

கார்பன் ரிம்மில் சூடு பரவாது, பிரேக் பரப்பிலேயே தேங்கும். ஒரு வெப்பத்துக்கு மேல் அதன் பிசின் இளகி, காற்றழுத்தத்தில் சுவர் புடைக்கும். தயாரித்தவர் சொன்ன பிரேக் கட்டையைத் தவிர வேறு எதுவும் போடாதீர்கள், லேட்டக்ஸ் ட்யூப் வேண்டாம். சுமையோடு நீண்ட மலை இறக்கத்துக்கு நான் கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் பிடித்து இறங்க மாட்டேன். இருவர் சேர்ந்து ஓட்டும் சைக்கிளில் எடை இரட்டிப்பாகிறது, காற்றுத்தடை அந்த அளவு கூடுவதில்லை. அங்கே இரண்டு ரிம் பிரேக் மட்டும் போதாது. சூட்டை ரிம்முக்கு வெளியே வாங்கிக்கொள்ளும் மூன்றாவது பிரேக் ஒன்று வேண்டும்.

கீழே வந்த பிறகு

அடிவாரம் வந்ததும் அரை மணி நேரம் கழித்து, ரிம் கைச்சூட்டுக்கு ஆறியதும், இரண்டு டயரையும் அளந்து பாருங்கள். காலையில் அடித்ததைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் ட்யூப் எங்கோ கசிகிறது. பீட் கோட்டை மறுபடி ஒரு சுற்றுப் பாருங்கள். அது ஓரிடத்தில் நகர்ந்திருந்தால் காற்றை முழுதாக இறக்கி, டயரைத் திறந்து, ரிம் டேப்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மலைக்குக் கிளம்ப வேண்டும்.